விலகி நின்றால் போதுமா? நிறுவன இயக்குநரின் கடமைகள் குறித்து ஓர் ஆய்வு

2008 டிசம்பர் 16 அன்று ஐதராபாத்தில் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடியது. அன்று அதன்முன் வைக்கப்பட்ட முக்கியத் தீர்மானம் மேடாஸ் பிராப்பர்ட்டீஸ், மேடாஸ் இன்ஃப்ரா என்ற இரண்டு நிறுவனங்களை வாங்குவது. முதலாவதை முழுமையாக 130 கோடி டாலருக்கும், இரண்டாவதில் 51 சதவீதப் பங்குகளை 30 கோடி டாலருக்கும் வாங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 160 கோடி டாலர். அன்றைய மதிப்பில் ₹7,500 கோடிக்கு மேல். சத்யம் மென்பொருள் நிறுவனம். மேடாஸ் நிறுவனங்களோ நிலம், கட்டுமானம் சார்ந்தவை. அவை சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தினர் நடத்தியவை.

ராஜுவும் அவருடைய தம்பி ராம ராஜுவும் இதில் தங்கள் நலன் கலந்திருப்பதைத் தெரிவித்து, முடிவெடுப்பதிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்கள். சுயேச்சை இயக்குநர்களில் ஒருவர் கூட்டத்தை நடத்தினார். இருந்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர்; பெயர்பெற்ற பேராசிரியர்கள், கணினித் துறை வல்லுநர், மத்திய அரசின் முன்னாள் அமைச்சரவைச் செயலர் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. செய்தி வெளிவந்த அன்றிரவே முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்தார்கள். நியூயார்க் சந்தையில் சத்யத்தின் மதிப்பு பாதிக்கும் கீழே விழுந்தது. மறுநாள் இந்தியச் சந்தை திறப்பதற்குள் தீர்மானம் கைவிடப்பட்டது.

மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, ராஜு எழுதிய கடிதம் வெளியானது. கணக்கில் வங்கியிருப்பாகக் காட்டப்பட்ட ₹5,361 கோடியில் ₹5,040 கோடி இல்லாத பணம் என்று அவரே அதில் ஒப்புக்கொண்டார். மேடாஸ் பேரம், இல்லாத சொத்துகளின் இடத்தில் இருக்கும் சொத்துகளைக் கொண்டுவந்து வைப்பதற்கான கடைசி முயற்சி என்றும் எழுதியிருந்தார்.

அந்தக் கூட்டத்தில் நல முரண் பற்றிய விதி, அதன் வெளித்தோற்றத்தில், பின்பற்றப்பட்டது. சம்பந்தப்பட்டவர்கள் சொன்னார்கள், விலகினார்கள், மற்றவர்கள் முடிவெடுத்தார்கள். ஆனாலும் நிறுவனத்துக்கு அதனால் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. இயக்குநரின் கடமைகளைப் பற்றிப் பேசும்போது ‘கவனம், திறமை’ என்பதை ஒரு பக்கத்திலும் ‘நல முரணைத் தவிர்த்தல்’ என்பதை இன்னொரு பக்கத்திலும் தனித்தனியே பட்டியலிடுவது வழக்கம். இவை தனித்தனியாக நிற்பவை அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். நல முரண் உள்ளவர் ஒதுங்கும் நொடியில், அவர் சுமந்த பொறுப்பும் சேர்ந்து மிச்சமிருப்பவர்களின் கவனத்தின்மேல் வந்து விழுகிறது. அந்தக் கவனம் இல்லாவிட்டால் ஒதுங்கல் வெறும் சடங்கு.

கடமை யாருக்கு?

இயக்குநர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன. பங்குதாரர்கள் வாக்களித்து அவரை நியமிக்கிறார்கள். சில வேளைகளில் கடன் கொடுத்த வங்கியோ முதலீடு செய்த நிதியமோ தன் ஆளை இயக்குநராக அமர்த்துகிறது. குடும்ப நிறுவனங்களில் அப்பா சொன்னார் என்று மகன் கையெழுத்துப் போடுகிறார். இவர்கள் அனைவரும் கடமைப்பட்டிருப்பது நிறுவனம் என்ற சட்டப்படியான தனி நபருக்கே. இங்கிலாந்து நீதிமன்றம் 1902-இல் பெர்சிவல் எதிர் ரைட் வழக்கில் இதை வகுத்தது: இயக்குநரின் நம்பிக்கைக் கடமை நிறுவனத்துக்கு, தனித்தனிப் பங்குதாரருக்கு அல்ல. சில சிறப்புச் சூழல்களில் இயக்குநர் பங்குதாரருக்கும் நேரடியாகப் பொறுப்பாளி ஆகலாம் என்றாலும் அடிப்படை விதி இந்தியாவிலும் இதுவே. வங்கி அனுப்பிய இயக்குநர் வங்கியின் வசூலுக்காக நிறுவனத்தின் நலனை விட்டுக்கொடுத்தால், அவரும் கடமை தவறியவரே.

1956-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தில் இயக்குநரின் பொதுக் கடமைகள் ஒரே இடத்தில் எழுதப்படவில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்துதான் அவற்றைத் திரட்ட வேண்டியிருந்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 166 முதன்முறையாக அவற்றை எழுத்தில் வைத்தது. நிறுவனத்தின் சங்க விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும். உறுப்பினர்கள் அனைவரின் நன்மைக்காகவும், நிறுவனம், ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனுக்காகவும் நல்லெண்ணத்தோடு செயல்பட வேண்டும். உரிய கவனம், திறமை, விடாமுயற்சி ஆகியவற்றைக் காட்டுவதோடு சுயமாகச் சிந்தித்து முடிவெடுக்க வேண்டும். தன் நலன் நிறுவனத்தின் நலனோடு மோதும், அல்லது மோதக்கூடும், என்ற நிலையில் தன்னை வைத்துக்கொள்ளக் கூடாது. தனக்கோ உறவினருக்கோ கூட்டாளிக்கோ முறையற்ற ஆதாயம் தேடக் கூடாது. தேடினால் அதற்குச் சமமான தொகையை நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டும். பதவியை வேறொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்கக் கூடாது.

இவற்றில் நடைமுறையில் அதிகம் உரசுபவை நடுவில் உள்ள இரண்டு: கவனமும் நல முரணும். இரண்டுக்கும் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல்கள் ஒன்றுக்கொன்று நேர்மாறான திசையில் வளர்ந்தவை. கவனத்தில் சட்டம் தொடக்கத்தில் மிகத் தாராளமாக இருந்து மெல்ல இறுகியது. நல முரணில் தொடக்கத்திலேயே இரக்கமின்றி இருந்து, பிறகு நடைமுறைக்காகக் கொஞ்சம் தளர்ந்தது.

கவனம்: கண்ணியமான சோம்பலிலிருந்து கேள்வி கேட்கும் கடமைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயக்குநர் பதவி பெரும்பாலும் ஓர் அலங்காரம். பெயருள்ள பிரபு ஒருவர் குழுவில் இருந்தால் முதலீட்டாளர் நம்புவார். அதற்குமேல் அவரிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. 1892-இல் வந்த கார்டிஃப் சேமிப்பு வங்கி வழக்கு இதற்கு உச்சம். பியூட் பிரபு ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தையிடமிருந்து அந்த வங்கியின் தலைவர் பதவி அவருக்கு வந்துவிட்டது. பிறகு முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் கலந்துகொண்டது ஒரே ஒரு கூட்டம். வங்கியில் முறைகேடு நடந்து பணம் போனபோது, அவர் பொறுப்பல்ல என்று நீதிமன்றம் சொன்னது. கூட்டத்துக்கு வராதது, வந்த கூட்டத்தில் செய்யவேண்டியதைச் செய்யாதது ஆகாதாம்.

அடுத்த மைல்கல் சிட்டி எக்விட்டபிள் காப்பீட்டு நிறுவனத்தின் வீழ்ச்சி. 1922-இல் அது கவிழ்ந்தபோது 12 லட்சம் பவுண்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது. அதன் தலைவர் ஜெரார்டு பெவன், நிறுவனத்தின் பணத்தைக் கையாண்ட பங்குத் தரகு நிறுவனத்திலும் மூத்த கூட்டாளி. தரகு நிறுவனம் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பெருந்தொகை பாக்கி வைத்திருந்தது. ஒவ்வோர் ஆண்டும் கணக்கு முடிக்கும் நாளுக்குச் சற்று முன் அரசுப் பத்திரங்கள் வாங்கியதாகக் காட்டிக் கடன் குறைந்துவிட்டதாகப் பதிவார்கள். நாள் கடந்ததும் விற்றுவிட்டதாகக் காட்டிப் பழைய நிலைக்குத் திரும்புவார்கள். மற்ற இயக்குநர்கள் தலைவரை நம்பிக் கையெழுத்திட்டார்கள். தலைவர் இரண்டு பக்கமும் இருந்தார், அது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. எண்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் ஐதராபாத்தில் நடந்ததன் முன்வடிவம் இதில் இருக்கிறது.

இந்த வழக்கில் நீதிபதி ரோமர் மூன்று விதிகளைத் தந்தார். இயக்குநரிடம் அவருடைய அறிவுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற திறமைக்குமேல் எதிர்பார்க்க முடியாது. நிறுவனத்தின் விவகாரங்களை அவர் இடைவிடாமல் கவனிக்கத் தேவையில்லை. கூட்டங்களுக்கு இயன்றவரை வந்தால் போதும். சந்தேகத்துக்கு இடமில்லாதபோது அதிகாரிகளை நம்பி வேலையை ஒப்படைக்கலாம். முதல் விதியில் பெரிய ஓட்டை இருந்தது. ஒன்றும் தெரியாதவரிடம் ஒன்றும் எதிர்பார்க்க முடியாது என்றால், அறியாமையே ஒரு பாதுகாப்பு ஆகிவிடுகிறது.

இந்த ஓட்டையைப் பிற்காலத் தீர்ப்புகள் அடைத்தன. அந்தப் பொறுப்பில் இருக்கும் நியாயமான ஒருவர் காட்டும் கவனம் என்பது குறைந்தபட்ச அளவு. அதற்குமேல் தனிப்பட்ட நிபுணத்துவம் உள்ளவரிடம் அந்த நிபுணத்துவத்தையும் எதிர்பார்க்கலாம். இங்கிலாந்தில் 1993-இல் முடிவான டிஜான் வழக்கு இதைச் சிறிய அளவில் காட்டுகிறது. நிறுவனத்தின் 100 பங்குகளில் 99-ஐ வைத்திருந்த இயக்குநர், காப்பீட்டு முகவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டார். அவர் இதற்குமுன் இயக்குநராக இருந்த நிறுவனம் ஏதும் கலைக்கப்பட்டதா என்ற கேள்விக்கு அதில் ‘இல்லை’ என்று இருந்தது, அது தவறு. கிடங்கு எரிந்து 1,74,000 பவுண்டு மதிப்புள்ள சரக்கு போனது. தவறான பதிலைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. படிவத்தைப் படிக்காதது கடமை தவறியதே என்றார் நீதிபதி ஹாஃப்மன். ஆனால் அது யாருக்கும் நேரக்கூடிய தவறு என்பதையும், நிறுவனம் ஏறக்குறைய முழுவதும் அவருடையதே என்பதையும் கருதி, அவர் செலுத்தவேண்டிய தொகையைக் குறைத்தார். நேர்மையாகவும் நியாயமாகவும் நடந்தவருக்கு இப்படிச் சலுகை தரும் அதிகாரம் நம் சட்டத்தின் பிரிவு 463-இலும் இருக்கிறது.

இந்தியாவில் இந்த அளவுகோலை அழுத்தமாகச் சொன்ன வழக்கு சென்னையிலிருந்து போனது. பிரமிட் சாய்மீரா தியேட்டர் நிறுவனத்தின் கணக்குகளில் வருவாயும் லாபமும் ஊதிக் காட்டப்பட்டதாகச் செபி கண்டறிந்தது. நிறுவனர்களில் ஒருவரும் முழுநேர இயக்குநருமான நாராயணன் பங்குச் சந்தையில் ஈடுபடுவதற்கு இரண்டாண்டு தடை விதிக்கப்பட்டது. கணக்கு விவகாரங்களில் தனக்கு நேரடிப் பங்கில்லை என்ற அவருடைய வாதத்தை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் நிராகரித்தது. நிர்வாகத்தோடு நெருங்கியும் நீண்டகாலமும் இருந்த ஒருவர், கண்ணெதிரே நடந்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்பது 1973-இல் டெண்டோல்கர் வழக்கிலேயே அந்நீதிமன்றம் எடுத்த நிலைப்பாடு. ‘அது என் துறை இல்லை’ என்பது, கணக்கில் கையெழுத்திடும் இயக்குநருக்கு, இனி ஒரு பதில் ஆகாது.

நல முரண்: நல்லவருக்கும் விலக்கு இல்லை

நல முரணில் சட்டம் வேறு முகம் காட்டுகிறது. இதற்கு ரீகல் (ஹேஸ்டிங்ஸ்) எதிர் கலிவர் வழக்கே தெளிவான சான்று. ஹேஸ்டிங்ஸ் என்ற ஆங்கிலக் கடற்கரை ஊரில் ரீகல் நிறுவனத்துக்கு ஒரு திரையரங்கு இருந்தது. அருகே இன்னும் இரண்டு திரையரங்குகளைக் குத்தகைக்கு எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து விற்கத் திட்டமிட்டது. அதற்காகத் துணை நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. துணை நிறுவனத்தில் 5,000 பவுண்டு மூலதனம் செலுத்தப்பட வேண்டும், இல்லையேல் வாடகைக்கு இயக்குநர்கள் தனிப்பட்ட பிணை தர வேண்டும் என்றார் இடத்தின் உரிமையாளர். ரீகலால் 2,000 பவுண்டு மட்டுமே போட முடிந்தது. பிணை கொடுக்க விரும்பாத இயக்குநர்கள் மீதியைப் புரட்டினார்கள். நான்கு இயக்குநர்கள் ஆளுக்கு 500 பங்கு வாங்கினார்கள். தலைவர் கலிவர் வெளியாட்களை வாங்க வைத்தார். நிறுவனத்தின் வழக்கறிஞரும் 500 பங்கு எடுத்தார்.

சில வாரங்களிலேயே திரையரங்குகளை விற்காமல் இரு நிறுவனங்களின் பங்குகளையும் விற்றார்கள். பங்கு ஒன்றுக்கு ஏறக்குறைய 2.80 பவுண்டு லாபம் கிடைத்தது. ரீகலை வாங்கிய புதிய உரிமையாளர்கள், நிறுவனத்தின் பெயரில் பழைய இயக்குநர்கள்மீது வழக்குப் போட்டார்கள். நால்வரும் நல்லெண்ணத்தோடுதான் நடந்தார்கள் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நிறுவனத்திடம் அந்தப் பங்குகளை வாங்கப் பணம் இல்லை. அவர்கள் வாங்கியதால் அதற்கு நஷ்டமும் இல்லை. அப்படியிருந்தும் 1942-இல் பிரபுக்கள் சபை லாபத்தை முழுவதும் திருப்பித் தரச் சொன்னது. இயக்குநராக இருந்ததால்தான் அந்த வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது, அவ்வளவே போதும். கலிவர் தப்பினார், ஏனெனில் பங்கும் லாபமும் அவருடையவை அல்ல. வழக்கறிஞரும் தப்பினார், ஏனெனில் இயக்குநர் குழுவின் சம்மதத்தோடு வாங்கியிருந்தார். நால்வரும் பங்குதாரர் கூட்டத்தில் விஷயத்தைச் சொல்லி ஒப்புதல் பெற்றிருந்தால் அவர்களும் தப்பியிருப்பார்கள்.

இவ்வளவு கடுமை எதற்கு என்று தோன்றலாம். காரணம் சாட்சியம் சம்பந்தப்பட்டது. நிறுவனத்தால் உண்மையில் வாங்க முடியாதா, அல்லது வாங்க முடியாது என்று முடிவெடுத்தவர்களுக்கு அதுவே வசதியாக இருந்ததா? இதற்கு விடை சொல்லும் தகவல்கள் எல்லாம் லாபம் அடைந்தவர்களின் கையில் இருக்கின்றன. மனத்தை அளந்து பார்க்க முடியாத இடத்தில் நீதிமன்றம் நிலையைப் பார்க்கிறது. பிரிவு 166-இல் ‘மோதக்கூடும்’ என்ற சொல் இருப்பதும் இதனால்தான்.

விதி முழுமையாகக் கடுமையானதாகவே இருந்தால் தொழில் நடக்காது. ஒரே குடும்பம் நான்கு நிறுவனங்களை நடத்துவதும், அவை தமக்குள் வாங்கி விற்பதும் நம் நாட்டில் சாதாரணம். ஆகவே சட்டம் ஒரு வழி விட்டது: சொல், விலகு, சம்மதம் வாங்கு. பிரிவு 184-இன்படி ஒவ்வோர் இயக்குநரும் தான் கலந்துகொள்ளும் முதல் கூட்டத்திலும், பிறகு ஒவ்வொரு நிதியாண்டின் முதல் கூட்டத்திலும், மாற்றம் ஏற்படும்போதும், எந்தெந்த நிறுவனங்களில் தனக்கு நலன் உண்டு என்பதை எம்.பி.பி-1 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒப்பந்தம் விவாதத்துக்கு வரும்போது மீண்டும் சொல்லி, அதில் பங்கேற்காமல் இருக்க வேண்டும். பிரிவு 188, தொடர்புடைய தரப்போடு செய்யும் ஒப்பந்தங்களுக்கு இயக்குநர் குழுவின் சம்மதத்தையும், தொகை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் பங்குதாரர்களின் தீர்மானத்தையும் கேட்கிறது. வழக்கமான தொழில் நடவடிக்கையாகவும், அந்நியரோடு பேரம் பேசினால் கிடைக்கும் விலையிலும் இருந்தால் இந்தச் சம்மதங்கள் தேவையில்லை.

ஒரு பவுண்டரியின் கணக்கு

இது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்ப் தயாரிக்கும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத பொது நிறுவனம். ஆண்டு விற்றுமுதல் ₹80 கோடி. இயக்குநர்கள் ஐந்து பேர். பம்ப் உடலுக்கான இரும்பு வார்ப்படங்கள் ஆண்டுக்கு 600 டன் தேவை. நிர்வாக இயக்குநரின் மனைவி கூட்டாளியாக உள்ள ஒரு பவுண்டரி அவற்றைக் கிலோ ₹118-க்குத் தர முன்வருகிறது. வெளியே அதே தரம் ₹109-க்குக் கிடைக்கிறது.

ஆண்டுக் கொள்முதல் ₹7.08 கோடி வருகிறது. பொருள் வாங்குவதற்கான வரம்பு விற்றுமுதலில் 10 சதவீதம், அதாவது ₹8 கோடி. ஆகவே பங்குதாரர் தீர்மானம் தேவைப்படாது. தொகை வரம்புக்குச் சற்றுக் கீழே வந்து நிற்பது, கவனமுள்ள இயக்குநர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. ஒரே வேலையை இரண்டு ஒப்பந்தமாகப் பிரித்திருக்கிறார்களா, ஆண்டின் நடுவில் அளவு கூடுமா என்று கேட்க வேண்டும்.

அடுத்தது, விலக்கு பொருந்துமா என்பது. வார்ப்படம் வாங்குவது வழக்கமான தொழில்தான். ஆனால் ஒன்பது ரூபாய் அதிகம் கொடுப்பது அந்நியரோடு பேசிய விலையா? ‘அவர்கள் நேரத்துக்குத் தருவார்கள், ரிஜெக்‌ஷன் குறைவு’ என்று நிர்வாக இயக்குநர் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் அதற்குக் கணக்கு வேண்டும். வெளி பவுண்டரி வார்ப்படங்களில் 8 சதவீதம் தேறாமல் போகிறது, நட்டம் முழுவதும் நம் தலையில் விழுகிறது, இவர்களிடம் அப்படிப் போவதே இல்லை என்றால், உண்மையான விலை வித்தியாசம் மறைந்துவிடும். தேறாததை இரு தரப்பும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்றால் ஒன்பது ரூபாய் அப்படியே நிற்கும். ஆண்டுக்கு ₹54 லட்சம் நிறுவனத்திலிருந்து குடும்பத்துக்குப் போகிறது என்று பொருள்.

பவுண்டரி மனைவியுடையது, என்னுடையது அல்ல என்று நிர்வாக இயக்குநர் சொல்ல முடியாது. இயக்குநரின் உறவினர் கூட்டாளியாக உள்ள கூட்டு நிறுவனமும் சட்டத்தின் பார்வையில் தொடர்புடைய தரப்பே. மனைவி உறவினர் பட்டியலில் வருகிறார். பிரிவு 188-இன்கீழ் உள்ள விதிகளின்படி, இந்தத் தீர்மானம் விவாதிக்கப்படும்போது நிர்வாக இயக்குநர் அறையிலேயே இருக்கக் கூடாது. நிகழ்ச்சி நிரலில் தரப்பின் பெயர், உறவு, ஒப்பந்தக் காலம், முக்கிய நிபந்தனைகள், முன்பணம், விலை தீர்மானிக்கப்பட்ட முறை ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘விலை தீர்மானிக்கப்பட்ட முறை’ என்ற வரிதான் உயிர்நாடி. பல நிறுவனங்களில் அந்த இடத்தில் ‘சந்தை விலைப்படி’ என்று இரண்டு சொல் மட்டும் இருக்கும். அது முறை அல்ல, முடிவு.

இப்போது நிர்வாக இயக்குநர் எழுந்து வெளியே போகிறார். மிச்சம் நான்கு பேர். இந்த இடத்தில்தான் நல முரண் பற்றிய கடமை கவனம் பற்றிய கடமையாக உருமாறுகிறது. மூன்று கொட்டேஷன் இருக்கிறதா? அவற்றை வாங்கியது யார்? வெளியே போனவருக்குக் கீழே வேலை செய்யும் கொள்முதல் மேலாளர்தானா? கடந்த ஆண்டு வார்ப்பட விலை என்ன, ஆலையின் சொந்தத் தரப் பதிவேடு என்ன சொல்கிறது? கடன் தவணை எத்தனை நாள்? இடையில் நிறுத்த முடியுமா? காகிதங்கள் ஏழு நாள் முன்னறிவிப்போடு வந்தனவா, அல்லது கூட்டத்தில் மேசைமேல் வைக்கப்பட்டனவா? பதில் கிடைக்கும்வரை தீர்மானத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரம் நால்வருக்கும் இருக்கிறது. ஒப்புக்கொள்ளாதவர் தன் எதிர்ப்பை மினிட்ஸில் பதியச் சொல்ல வேண்டும். ஏனெனில் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பெற்றோ கூட்டத்தில் இருந்தோ மீறலை அறிந்தும் மறுப்புச் சொல்லாதவரைச் சட்டம் தவறிழைத்த அதிகாரிகளின் வரையறைக்குள் கொண்டுவருகிறது.

சம்மதம் இல்லாமலே ஒப்பந்தம் நடந்திருந்தால், மூன்று மாதத்துக்குள் அது உறுதிசெய்யப்பட வேண்டும். இல்லையேல் அதை ரத்துசெய்ய இடமுண்டு, ஏற்பட்ட நட்டத்தைச் சம்பந்தப்பட்ட இயக்குநர் ஈடுசெய்ய வேண்டும். முறையற்ற ஆதாயம் என்று முடிவானால் அந்த ₹54 லட்சத்தைத் திருப்பித் தரவேண்டி வரும். இதோடு ஒப்பிட்டால் பிரிவு 166-ஐ மீறியதற்கான அபராதம் ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் ரூபாய் மட்டுமே. சட்டத்தின் பற்கள் அபராதத்தில் இல்லை. திருப்பித் தரச் செய்வதிலும் பதவி பறிப்பதிலும் இருக்கின்றன. பிரிவு 184-ஐ மீறினால், பிரிவு 167-இன்படி இயக்குநர் பதவியே காலியாகிவிடும்.

தனியார் நிறுவனங்களுக்கு 2015-இல் அரசு ஒரு சலுகை தந்தது. தன் நலனை வெளிப்படுத்திய இயக்குநர் விவாதத்தில் பங்கேற்கலாம். கணவனும் மனைவியும் மட்டுமே இயக்குநர்களாக உள்ள நிறுவனத்தில் இருவரும் வெளியே போனால் முடிவெடுக்க ஆள் இருக்காது என்பதால் இது நியாயமே. ஆனால் இந்தச் சலுகை பிரிவு 166-ஐத் தொடவில்லை. உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்த டேல் அண்ட் கேரிங்டன் வழக்கில், தனியார் நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநர், பெரும்பான்மைப் பங்குகளை வைத்திருந்த வெளிநாடுவாழ் பங்குதாரருக்குத் தெரிவிக்காமல் புதிய பங்குகளைத் தன் பெயருக்கே ஒதுக்கிக்கொண்டார். நிறுவனக் கட்டுப்பாடு கைமாறியது. இயக்குநருக்குரிய நம்பிக்கைக் கடமையை அவர் மீறிவிட்டார் என்று நீதிமன்றம் ஒதுக்கீட்டை ரத்து செய்தது. சிறிய நிறுவனம் என்பதால் அளவுகோல் சிறியதாகவில்லை.

மேடாஸுக்குக் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்

பவுண்டரியில் கேட்ட கேள்விகளை மேடாஸ் தீர்மானத்தின் பக்கம் திருப்பினால் குறை எங்கே என்பது தெரிகிறது. அங்கும் மதிப்பீடு பற்றியும், உறவினர் நிறுவனம் என்பது பற்றியும் சில கேள்விகள் எழுந்தன. ஆனால் நிர்வாகம் தந்த விளக்கத்தோடு அவை நின்றுவிட்டன. மென்பொருள் நிறுவனம் தன் பணத்தையெல்லாம் நிலத்தில் போடுவது ஏன் என்பதற்கு, தொழில் ஆபத்தைப் பரவலாக்குவது என்ற பதில் கிடைத்தது. ராஜு குடும்பத்துக்குச் சத்யத்தில் அப்போது ஒற்றை இலக்கச் சதவீதப் பங்கே இருந்தது. ஆகவே இந்தப் பேரத்தில் நிறுவனத்துக்குப் போகும் ஒவ்வொரு ரூபாய் நட்டத்திலும் அவர்கள் சுமப்பது சில பைசா. மேடாஸ் பக்கம் கிடைக்கும் ஆதாயத்தில் அவர்களுக்கு வருவது பெரும்பங்கு. இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றே தீர்மானத்தைத் தள்ளிவைக்கப் போதுமான காரணம்.

கணக்கில் இருக்கும் பணம் உண்மையில் வங்கியில் இருக்கிறதா என்று சந்தேகித்திருக்க வேண்டுமா? இதில் சுயேச்சை இயக்குநர்களைக் குறைசொல்வது அவ்வளவு எளிதல்ல. ஆடிட்டர் சான்றளித்த வங்கியிருப்பை நம்ப இயக்குநருக்கு உரிமை உண்டு. ரோமரின் மூன்றாவது விதியின் சாரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கை ‘சந்தேகத்துக்கு இடமில்லாதபோது’ மட்டுமே. தலைவரின் குடும்பச் சொத்தை இவ்வளவு பெரிய தொகைக்கு வாங்கச் சொல்லும் தீர்மானம் மேசைக்கு வந்த நிமிடத்திலேயே அந்த நிபந்தனை பொய்த்துவிட்டது. டிசம்பர் முடிவதற்குள் நான்கு இயக்குநர்கள் பதவி விலகினார்கள். வாக்களித்த பிறகு விலகுவது பொறுப்பைக் கழிக்காது.

2013 சட்டமும் செபியின் விதிகளும் இந்த அனுபவத்திலிருந்து பாடம் எடுத்தன. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் தொடர்புடைய தரப்போடான ஒப்பந்தங்கள் முதலில் தணிக்கைக் குழுவுக்குப் போக வேண்டும். பெரிய ஒப்பந்தங்களுக்குப் பங்குதாரர் ஒப்புதல் தேவை. அதில் தொடர்புடைய தரப்பினர் ஆதரித்து வாக்களிக்க முடியாது. இன்று மேடாஸ் போன்ற ஒன்று வந்தால், அன்றிரவு நியூயார்க்கில் கொதித்த அதே முதலீட்டாளர்களின் முன்தான் வாக்குக்குப் போகும்.

எல்லைகள்

இந்தக் கடமைகளுக்கு எல்லையும் உண்டு. தொழில் முடிவு தோற்றுப்போனது என்பதற்காக மட்டும் நீதிமன்றம் இயக்குநரைத் தண்டிப்பதில்லை. தகவலைத் திரட்டி, சொந்த நலன் இன்றி, நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு நட்டத்தில் முடியலாம். அது தொழிலின் இயல்பு. சுயேச்சை இயக்குநர்களுக்குப் பிரிவு 149(12) கூடுதல் பாதுகாப்புத் தருகிறது. தங்களுக்குத் தெரிந்து, குழுவின் நடைமுறை வழியாக, தங்கள் சம்மதத்தோடோ உடந்தையோடோ நடந்தவற்றுக்கும், விடாமுயற்சி காட்டாமல் இருந்தவற்றுக்கும் மட்டுமே அவர்கள் பொறுப்பு. மறைத்து வைக்கப்பட்ட மோசடிக்கு அவர்களைப் பொறுப்பாக்கினால் நேர்மையான எவரும் அந்தப் பதவியை ஏற்கமாட்டார்கள்.

பெரிய பலவீனம் வேறொரு இடத்தில் இருக்கிறது. கடமை நிறுவனத்துக்கு என்றால், மீறலுக்கு வழக்குப் போட வேண்டியதும் நிறுவனமே. அந்த நிறுவனத்தை நடத்துவது பெரும்பாலும் மீறியவர்தான். ரீகல் வழக்கே நிறுவனம் கைமாறியதால்தான் வந்தது. பழைய இயக்குநர்கள் இருந்திருந்தால் தங்கள்மீது தாங்களே வழக்குப் போட்டிருக்க மாட்டார்கள். இதைச் சரிசெய்யப் பிரிவு 245 பங்குதாரர்கள் கூட்டாக வழக்குத் தொடர வழி செய்தது. 100 பேரோ, மொத்த உறுப்பினரில் 5 சதவீதத்தினரோ, எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்தால் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆனால் செலவும் காலமும் சிறு முதலீட்டாளரைத் தடுப்பதால் இந்த வழி அரிதாகவே பயன்படுகிறது. தீர்ப்பாயத்துக்குப் போனாலும் உள்ளே நடந்தது என்ன என்பதற்கு ஆவணம் வேண்டும்.

அந்த ஆவணம் மினிட்ஸ் புத்தகம்தான். பெரும்பாலான நிறுவனங்களில் அதில் ‘விரிவான விவாதத்துக்குப் பின் ஒருமனதாக ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்ற ஒரே வாசகம் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகிறது. யார் விலகினார் என்பது எழுதப்பட்டிருக்கும். அவர் போன பிறகு மற்றவர்கள் என்ன கேட்டார்கள், எந்தக் காகிதத்தைப் பார்த்தார்கள், எதை நம்பி ஒப்புக்கொண்டார்கள் என்பது இருக்காது. பிரிவு 184 முதல் பாதியை மட்டுமே கேட்கிறது. பிரிவு 166 இரண்டாம் பாதியையும் கேட்கிறது. பின்னாளில் நீதிமன்றமோ செபியோ விசாரிக்கும்போது, கவனமாக இருந்த இயக்குநரையும் தலையாட்டிய இயக்குநரையும் பிரித்துக் காட்டக்கூடியது அந்த இரண்டாம் பாதி மட்டுமே. அதை எழுதச் சொல்லிக் கேட்கும் உரிமை, கூட்டத்தில் இருக்கும் ஒவ்வோர் இயக்குநருக்கும் இருக்கிறது.